14 வாரம் தொடர்ந்து ஜெயித்த பையனுக்கு ஒரு கடிதம்: கொடுக்கலாமா, வேண்டாமா?

வடசேரி மாமா:

மார்த்தாண்டத்தில் என் நண்பர் மகன் ஒருவன் இருக்கிறான். இங்கே ஜெபின் என்று வைத்துக்கொள்வோம், உண்மைப் பெயர் வேறு. வளைகுடாவில் நாலு வருஷம் இருந்து திரும்பி வந்தவன், வயது 27. நிஃப்டி வார ஆப்ஷனில் ஸ்ட்ராங்கிள், அதாவது ஏறுகிற பக்கம் ஒரு கால், இறங்குகிற பக்கம் ஒரு புட் என்று இரண்டையும் சேர்த்து விற்கக் கற்றுக்கொடுத்தது நான்தான். கணக்கு முடிகிற எக்ஸ்பைரி நாளில் நிஃப்டி இரண்டு ஸ்ட்ரைக் விலைக்கும் நடுவில் நின்றால் விற்று வாங்கிய பிரீமியம் நமக்கு, தாண்டிப் போகப் போக நஷ்டம். காசு எதுவும் வாங்கவில்லை. அவன் அப்பாவோடு சேர்ந்து படித்தவன் என்கிற உரிமையில் சொல்லிக்கொடுத்தேன்.

14 வாரம் தொடர்ந்து லாபம். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவன், "மாமா, நீங்க ரொம்பப் பயப்படுறீங்க" என்றான். அவன் நோட்டையும் ஆர்டர் விவரத்தையும் வாங்கி இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். நேரில் பேசினால் சண்டையில்தான் முடியும், அதனால் கடிதமாக எழுதிவிட்டேன். கொடுப்பதற்கு முன் உங்கள் கண்ணிலும் படட்டும். கணக்கில் தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

---

மக்களே ஜெபின்,

உன் நோட்டைத் திருப்பித் தரும்போது இந்தக் கடிதமும் உள்ளே இருக்கும். வாசித்துவிட்டுக் கோபப்படு, பரவாயில்லை.

முதலில் லாபத்தைப் பார்ப்போம். முதல் அஞ்சு வாரம் இரண்டு லாட் விற்றாய், இரண்டு பக்கமும் சேர்த்து வாரத்துக்குச் சுமார் 20 ரூபாய் பிரீமியம். 2025 கணக்குப்படி ஒரு லாட் 75 யூனிட் என்பதால் வாரம் 3,000. அடுத்த அஞ்சு வாரம் நாலு லாட். அதற்குள் சந்தையின் பயத்தை அளக்கிற விக்ஸ் இறங்கிவிட்டது, பிரீமியம் 16 ஆனது, வாரம் 4,800. கடைசி நாலு வாரம் ஆறு லாட், பிரீமியம் 12, வாரம் 5,400. எல்லாம் கூட்டினால் 60,600. புரோக்கரேஜும் வரியும் இதில் போகும்.

3,000, 4,800, 5,400 என்று ஏறுவதைப் பார்த்து உனக்குக் கை தேர்ந்துவிட்டது என்று நினைக்கிறாய். ஒரு லாட்டுக்கு என்ன கிடைத்தது என்று பார். 1,500, 1,200, 900. தொழில் ஒவ்வொரு மாதமும் மெலிந்துகொண்டே வந்திருக்கிறது. மெலிந்ததை லாட்டைக் கூட்டி மறைத்திருக்கிறாய். முதலில் உன் சொந்தப் பணம் 5 லட்சம். நாலு லாட் ஆனபோது அம்மா நகையை வைத்து 4 லட்சம். ஆறு ஆனபோது மச்சான் அனுப்பிய 4 லட்சம். 5 லட்சத்துக்கு வாரம் 3,000 சம்பாதித்தவன், 13 லட்சத்துக்கு வாரம் 5,400 சம்பாதிக்கிறாய். பால் குறைந்த ரப்பர் மரத்தில் வெட்டைக் கூட்டுகிறவனை உன் அப்பா என்ன சொல்வார் என்று உனக்குத் தெரியும்.

அடுத்து அந்த 14. நீ விற்கிற ஸ்ட்ரைக் இரண்டு பக்கமும் இரண்டரை சதவீதம் தள்ளி இருக்கிறது. அந்தத் தூரத்தில் ஒரு வாரம் லாபத்தில் முடிய நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்பு என்று வைத்துக்கொள். 0.9-ஐ 14 தடவை பெருக்கினால் 0.23 வரும். அதாவது கண்ணை மூடிக்கொண்டு இதையே செய்கிற 100 பேரில் 23 பேர் 14 வாரமும் ஜெயித்திருப்பார்கள். நீ அந்த 23-இல் ஒருவனா, இல்லை நிஜமாகவே தெரிந்தவனா என்பதை 14 வாரம் சொல்லாது. எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது.

இன்னொன்று. அந்த 14-ஐ நான் 14 என்று எண்ணவில்லை. ஏழாவது வாரம் புதன்கிழமை மதியம், நிஃப்டி உன் புட் ஸ்ட்ரைக்குக்கு 40 புள்ளி பக்கத்தில் வந்தது. 8 ரூபாய்க்கு விற்ற புட் 70 ரூபாய். நாலு லாட்டுக்கு 18,600 ரூபாய் நஷ்டம் திரையில் நின்றது. அதுவரை ஆறு வாரத்தில் நீ சேர்த்திருந்ததே 19,800. நீ வெளியே வரவில்லை. வியாழக்கிழமை, அப்போது அதுதான் எக்ஸ்பைரி நாள், சந்தை ஏறியது, புட் செத்தது. அன்று நோட்டில் "பொறுமை ஜெயித்தது" என்று எழுதியிருக்கிறாய். மக்களே, அது பொறுமை இல்லை. எங்கே வெளியே வருவது என்று நீ முன்கூட்டியே எழுதி வைக்கவில்லை, அதனால் உட்கார்ந்திருந்தாய். பதினொன்றாவது வாரம் கால் ஆப்ஷன் பக்கம் 15 புள்ளியில் தப்பியது. அதற்கு நோட்டில் ஒரு வரிகூட இல்லை. ஒன்பதாவது வாரத்திலிருந்து லாபத் தொகை மட்டும்தான் இருக்கிறது.

என் கணக்கில் 12 வெற்றி, 2 தப்பிப்பு. தப்பிப்பையும் வெற்றி என்று எழுதினதால்தான் உனக்கு ஆறு லாட் விற்கத் தைரியம் வந்தது.

இப்போது என் கதை. 2024 ஜூன் 3, நிஃப்டி 23,263-இல் முடிந்தது. மறுநாள் தேர்தல் முடிவு. நான் 22,000 புட் விற்று வைத்திருந்தேன். ஐந்து சதவீதத்துக்கு மேல் தள்ளி, ரொம்பப் பத்திரம் என்ற நினைப்பு. விற்பதற்குப் பிணையாகப் புரோக்கரிடம் வைக்கிற மார்ஜினில் முக்கால்வாசிக்கு மேல் பயன்படுத்திவிட்டேன். அதற்கு முன் எனக்கும் ஒரு நல்ல ஓட்டம் இருந்தது, அது உனக்குத் தெரியாது. ஜூன் 4 மதியம் நிஃப்டி 21,300-க்கும் கீழே போனது. பயம் ஏற ஏற புரோக்கர் கேட்கிற மார்ஜினும் ஏறியது, கணக்கில் பணம் இல்லை, என் பொசிஷனை அவர்களே மூடினார்கள். கிட்டத்தட்ட அடியிலேயே. அன்று முடிவு 21,884. வியாழக்கிழமை எக்ஸ்பைரி, நிஃப்டி 22,821-இல் முடிந்தது. நான் விற்ற 22,000 புட் பூஜ்யம் ஆனது. நான் நினைத்தது சரியாகத்தான் நடந்தது. ஆனால் அப்போது என்னிடம் புட்டும் இல்லை, பணமும் இல்லை.

அதே நாள் உனக்கு வந்தால்? நிஃப்டி 25,000 என்று வை. உன் புட் 24,375. ஜூன் 4 விழுந்த அதே 5.93 சதவீதம் விழுந்தால் 23,517. ஸ்ட்ரைக்கைத் தாண்டி 858 புள்ளி. ஆறு லாட்டுக்கு 3,86,000 ரூபாய், குறைந்தபட்சம். உன் 14 வார லாபம் 60,600. மிச்சம் அம்மாவின் நகை.

நான் கேட்பது இவ்வளவுதான். ஒரே லாட்டுக்குத் திரும்பு. விற்கிற ஸ்ட்ரைக்குக்கு 200 புள்ளி தள்ளி இரண்டு பக்கமும் ஒரு ஆப்ஷன் வாங்கி வை, நஷ்டம் அதோடு நிற்கும். நகையைத் திருப்பிவிட்டு வா. அப்புறம் பேசுவோம்.

மாமா.

---

மார்ஜின்மன்னன்:

நல்ல கடிதம்தான், ஆனால் பையனைத் தேவைக்கு மேல் பயமுறுத்துகிறீர்கள். தீர்வு ரொம்ப எளிது, ஸ்டாப்லாஸ். 8 ரூபாய்க்கு விற்றால் 24-இல் ஸ்டாப். பிரீமியத்தைப் போல இரண்டு மடங்கு நஷ்டத்தோடு வெளியே. ஆறு லாட் என்ன, பத்து லாட்கூட விற்கலாம். அப்புறம், ஜூன் 4 மாதிரி நாள் காலண்டரில் முன்னாலேயே தெரியும். அன்று கடையை மூடிவிட வேண்டும். நான் மூன்று வருஷமாக இப்படித்தான் செய்கிறேன்.

ஒழுகினசேரி:

நான் ஒரு புரோக்கர் ஆபீஸில் டீலராக ஏழெட்டு வருஷம் இருந்தவன், அதனால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மன்னன் சொல்வது பாதி சரி. மெதுவாக எதிராகப் போகிற வாரத்தில் ஸ்டாப்லாஸ் காப்பாற்றும். ஜெபினின் ஏழாவது வாரம் அப்படிப்பட்டதுதான், அங்கே 24-இல் வெளியே வந்திருக்கலாம்.

ஆனால் ஆப்ஷனில் ஸ்டாப்லாஸ் மார்க்கெட் ஆர்டரை 2021 செப்டம்பரிலேயே என்எஸ்இ நிறுத்திவிட்டது. இப்போது டிரிகர் விலை ஒன்று, லிமிட் விலை ஒன்று கொடுக்க வேண்டும். டிரிகர் 24, லிமிட் 27 என்று போடுகிறீர்கள். விலை 22-இலிருந்து 35-க்குத் தாவினால் உங்கள் ஆர்டர் 27-இல் நின்றுகொண்டே இருக்கும். விலை 90-க்குப் போகும்போதும் திரையில் "ஓப்பன்" என்றுதான் காட்டும். பல பேர் அதைப் பார்த்து ஸ்டாப் இருக்கிறது என்று நம்பி டீ குடிக்கப் போவார்கள்.

அடுத்தது திறக்கும்போதே விழுவது. 2025 ஏப்ரல் 4 வெள்ளி நிஃப்டி 22,904-இல் முடிந்தது. திங்கள் காலை 21,758-இல் திறந்தது. 1,146 புள்ளி, இடையில் ஒரு வியாபாரம்கூட நடக்கவில்லை. அங்கே உங்கள் 24 என்கிற விலையே வரவில்லை. அதற்குக் காலண்டரில் தேதியும் இல்லை.

மார்ஜின்மன்னன்:

ஏப்ரல் 2-ஆம் தேதி அமெரிக்க வரி அறிவிப்பு வந்தாயிற்று, வெள்ளி இரவு அங்கே சந்தை விழுந்ததும் எல்லோருக்கும் தெரியும். சனி ஞாயிறு பொசிஷனோடு தூங்கியவர் தப்பு. நான் வெள்ளிக்கிழமையே மூடிவிடுவேன்.

ஒழுகினசேரி:

வெள்ளி இரவு தெரிந்தது சரி. உங்கள் சந்தை வெள்ளி மாலை மூன்றரைக்கே மூடிவிட்டதே. நீங்கள் எல்லா வெள்ளியும் மூடுகிறீர்கள் என்றால் அது நல்ல பழக்கம், மறுக்கவில்லை. ஆனால் சனி ஞாயிறு கழிகிற பிரீமியம் உங்களுக்குக் கிடைக்காது. அதற்கும் சேர்த்து வருமானம் குறையும், குறைந்ததும் லாட்டைக் கூட்டத் தோன்றும். மாமா கடிதத்தில் சொன்ன இடத்துக்கே திரும்பி வந்துவிடுவீர்கள்.

மாமா, உங்களுக்கும் ஒன்று. இரண்டு பக்கமும் வாங்கி வைக்கச் சொன்னது நல்லது, ஆனால் அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. வாங்கி வைத்தவுடன் மார்ஜின் ஒரு லாட்டுக்கு 2 லட்சத்திலிருந்து 60,000-த்தை ஒட்டி இறங்கிவிடும். பையன் 13 லட்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? இருபது லாட் போடுவான். வாங்கின செலவு போக 8 ரூபாய் பிரீமியம் மிஞ்சினால் வாரம் 12,000 கிடைக்கும், "ஹெட்ஜ் இருக்கிறதே" என்று சொல்லவும் செய்வான். ஒரு லாட்டுக்கு அதிகபட்ச நஷ்டம் 192 புள்ளி, 14,400 ரூபாய். இருபது லாட்டுக்கு 2,88,000. அதற்கு ஜூன் 4 தேவையில்லை, சாதாரணமாக மூன்றரை சதவீதம் நகர்ந்த ஒரு வாரம் போதும். நான் பார்த்த கணக்குகளில் வெறும் ஸ்ட்ராங்கிளில் போனவர்களைவிட, ஹெட்ஜ் போட்ட தைரியத்தில் லாட்டைக் கூட்டிப் போனவர்கள்தான் அதிகம்.

ஆகவே "ஒரே லாட்" என்று எழுதியதோடு, ஏன் ஒன்று என்பதையும் எழுதுங்கள். 5 லட்சத்தில் 14,400 என்பது மூன்று சதவீதத்தை ஒட்டி. ஒரு மோசமான வாரத்தில் மூன்று சதவீதம் போனால் மறுவாரம் தூங்கி எழுந்து வரலாம். மார்ஜினை வைத்து லாட்டை முடிவு செய்யக் கூடாது, போகக்கூடிய பணத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த ஒரு வரி உங்கள் கடிதத்தில் இல்லை.

வடசேரி மாமா:

உண்மை, அது எனக்குத் தோன்றவே இல்லை. நான் எப்போதும் ஒரு லாட், இரண்டு லாட் ஆள். மார்ஜின் மிச்சமானால் அதை நிரப்பத் தோன்றும் என்பதை மறந்துவிட்டேன். சேர்த்து எழுதுகிறேன்.

குளச்சல் பிரின்ஸ்:

மாமா வணக்கம். நீங்கள் கற்றுக்கொடுத்து 14 வாரம் தொடர்ந்து ஜெயித்திருக்கிறார் என்றால் உங்கள் முறை சூப்பர். அடுத்த செவ்வாய் எக்ஸ்பைரிக்கு எந்த ஸ்ட்ரைக் விற்கலாம், கொஞ்சம் சொல்ல முடியுமா? நானும் 3 லட்சம் ரெடியாக வைத்திருக்கிறேன்.

வடசேரி மாமா:

தம்பி, கடிதத்தை இன்னொரு தடவை வாசியுங்கள். ஸ்ட்ரைக் சொல்கிற வேலை எனக்கு இல்லை, அதற்கு செபியில் பதிவு செய்தவர்கள் இருக்கிறார்கள்.

ரப்பர்க்காடு:

குலசேகரம் பக்கம் நமக்கு. ஆப்ஷன் எல்லாம் தெரியாது, ஆனால் இந்தக் கடிதத்தை வாசித்ததும் பழசு ஞாபகம் வந்துவிட்டது. 2009-இலிருந்து ரப்பர் ஏறிக்கொண்டே இருந்தது. ஷீட்டை உடனே விற்காமல் பிடித்து வைத்தவன் எல்லாம் ஜெயித்தான், நானும் ஜெயித்தேன். 2011 ஏப்ரலில் கிலோ 240 ரூபாய் வரை போனது. அப்போது நான் கடன் வாங்கிப் பக்கத்து விளைக்காரர்கள் ஷீட்டையும் வாங்கி அடுக்கினேன். புகைக்கூட்டில் இடமில்லாமல் வீட்டுத் திண்ணையிலும் அடுக்கியிருந்தேன். 300 ஆகும் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். அப்புறம் இறக்கம். 200 வந்தால் விற்கலாம் என்று இருந்தேன், 200-இல் 220 வந்தால் என்று இருந்தேன். கடைசியில் 160-க்குக் கொடுத்தேன். 2016 வாக்கில் 100-க்கும் கீழே போனதைப் பார்த்தபோது, 160-க்கு விற்றதே பரவாயில்லை என்று ஆனது.

எனக்கு ஷீட்டாவது கையில் இருந்தது. இவனுக்கு என்ன இருக்கும்?

ஒழுகினசேரி:

அண்ணன் சொன்னதில் ஒரு வித்தியாசம் உண்டு. உங்கள் நஷ்டம் மெதுவாக வந்தது, விற்க ஒவ்வொரு நாளும் ஒரு வாய்ப்பு இருந்தது. விற்ற ஆப்ஷனில் நஷ்டம் ஒரு மதியத்துக்குள் வந்துவிடும், எப்போது வெளியே வருவது என்று உங்களுக்குப் பதிலாக புரோக்கரின் கணினி முடிவு செய்யும். ஆனால் "எல்லாரும் ஜெயித்தார்கள், நானும் ஜெயித்தேன்" என்றீர்களே, அது அப்படியே பொருந்தும். அந்த இரண்டு வருஷம் ஷீட் பிடித்து வைத்தது உங்கள் திறமையா, விலை ஏற்றமா?

ரப்பர்க்காடு:

அப்போது கேட்டிருந்தால் திறமை என்றுதான் சொல்லியிருப்பேன்.

தக்கலை அக்கா:

எல்லோரும் லாட், புள்ளி என்று பேசுகிறீர்கள். அந்த அம்மாவுக்கு இது தெரியுமா? நகையை எதற்கு வைத்திருக்கிறான் என்று சொல்லித்தான் வாங்கினானா? என் தம்பி "கடை வைக்கப் போறேன்" என்று சொல்லித்தான் வாங்கினான். திருப்ப முடியாமல் போனபிறகு ஏலத்துக்கு நோட்டீஸ் வந்தபோதுதான் வீட்டில் எங்களுக்கே தெரிந்தது.

நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 4 லட்சத்துக்கு 9 சதவீதம் வட்டி என்றாலும் மாதம் 3,000. அந்த நகைப் பணத்தில் அவன் கூடுதலாக விற்றது இரண்டு லாட். லாட்டுக்கு 900 என்றால் வாரம் 1,800, மாதம் 7,200. வட்டி போக 4,200 ரூபாய்க்காக அம்மா கழுத்து வெறுமையாக இருக்கிறது. செபி 2024-இல் சொன்ன அறிக்கையில் மூன்று வருஷத்தில் ஃப்யூச்சர், ஆப்ஷனில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம் என்று இருந்தது. இதையெல்லாம் பையனுக்கு எழுதி என்ன பயன்? அவன் அம்மாவுக்கு எழுதுங்கள் மாமா.

மார்ஜின்மன்னன்:

அக்கா, 27 வயசுப் பையன். அம்மாவிடம் போய்ச் சொன்னால் அப்புறம் மாமாவிடம் எதையும் காட்ட மாட்டான். நோட்டைக் கொண்டுவந்து கொடுக்கிற பையன் இன்னும் கைவிட்டுப் போகவில்லை. நகை விஷயத்தில் அக்கா சொல்வது சரி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சொல்ல வேண்டியது அவன்.

தக்கலை அக்கா:

அவன் சொல்ல மாட்டான். என் தம்பியும் சொல்லவில்லை.

வடசேரி மாமா:

அக்கா கேட்டது உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவன் அப்பாவுக்குத் தெரியும், அம்மாவிடம் "பிசினஸுக்கு" என்று சொல்லியிருக்கிறான். மச்சானுக்கு என்ன சொன்னான் என்று தெரியவில்லை. என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. கற்றுக்கொடுத்தவன் நான், அதனால் எனக்கும் பங்கு இருக்கிறது. முதல் மாதமே "ஒரு லாட்டுக்கு மேல் போகாதே" என்று நான் சொல்லவில்லை. அவன் முதல் லாபத்தைக் காட்டியபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பழையாற்றங்கரை:

ஒரு சின்னச் சந்தேகம். 0.9-ஐ 14 தடவை பெருக்கியது ஒவ்வொரு வாரமும் தனித்தனி என்று எடுத்துக்கொண்டால்தானே சரி? அமைதியான வாரத்துக்குப் பின்னால் அமைதியான வாரம் வருவதுதான் வழக்கம். விக்ஸ் இறங்குகிற காலத்தில் 14 வாரமும் ஜெயித்தவர்கள் 23-ஐவிட அதிகமாகவே இருப்பார்கள்.

ஒழுகினசேரி:

சரியான கேள்வி. அதனால் மாமா வாதம் இன்னும் வலுக்கிறது. அமைதி கொத்துக் கொத்தாக வருகிற மாதிரி, குழப்பமும் கொத்தாகத்தான் வரும். தோற்கிற வாரமும் தனியாக வராது. லாட்டை அதிகம் ஏற்றியிருக்கிற நேரத்தில் அடுத்தடுத்து இரண்டு மூன்று வரும்.

வடசேரி மாமா:

ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டம் போய்க் கடிதத்தைக் கொடுத்துவிட்டேன், ஒழுகினசேரி சொன்ன வரியையும் சேர்த்து. மழை, பால்வெட்டு இல்லை, அப்பாவும் மகனும் வீட்டில்தான் இருந்தார்கள். தனியாகப் போய் வாசித்தான். வந்து, "0.9 கணக்கு எனக்குப் பொருந்தாது மாமா, நான் வாரத்துக்கு நடுவில் ஸ்ட்ரைக்கை மாற்றுவேன்" என்றான். எந்த வாரம் மாற்றினாய், ஆர்டர் விவரத்தில் காட்டு என்றேன். மாற்றியது இரண்டு வாரம்தான். இரண்டு தடவையும் கூடுதல் பிரீமியத்துக்காகக் கால் ஸ்ட்ரைக்கை நெருக்கியிருக்கிறான். அந்த 15 புள்ளி வாரம் அதில் ஒன்று.

இரண்டு லாட், இரண்டு பக்கமும் வாங்கி வைத்து, என்று இறங்கி வந்திருக்கிறான். ஒன்று என்றேன், கேட்கவில்லை. நகையை "அடுத்த ரெண்டு எக்ஸ்பைரி முடிஞ்சு" திருப்புவானாம். மச்சான் பணத்தைப் பற்றிக் கேட்டபோது அம்மா டீ கொண்டுவந்தார், பேச்சு நின்றுவிட்டது. நானும் தொடரவில்லை.

கிளம்பும்போது நோட்டை மறுபடி என் கையில் கொடுத்தான். பஸ்ஸில் திறந்து பார்த்தேன். ஏழாவது வாரத்தில் "பொறுமை ஜெயித்தது" என்பதை அடித்துவிட்டுப் பக்கத்தில் "தப்பித்தேன்" என்று பென்சிலில் எழுதியிருக்கிறான். பதினொன்றாவது வாரம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.